ஆகஸ்ட் மாச வரவு செலவு (அக்கா கேட்டதுக்காக, முழுசா)

அக்கா, போன்ல நீ "ரெண்டு வேலை பாக்குற, அப்புறமும் ஏன்டா இவ்ளோதான் அனுப்புற"ன்னு கேட்டேல்ல, அதான் இந்தத் தடவ நான் எனக்குன்னு போடுற கணக்க அப்படியே உனக்கும் அனுப்புறேன். எல்லாம் வெள்ளில இருக்கு, இங்க மலேசியால நம்ம ஆளுங்க ரிங்கிட்டுன்னு சொல்லவே மாட்டாங்க, வெள்ளிதான். ஒரு வெள்ளிக்கு 21 ரூபான்னு வச்சுக்கோ, தினம் கொஞ்சம் ஏறும் இறங்கும்.

வரவு

| எதுல இருந்து | எப்ப வரும் | வெள்ளி |
|---|---|---|
| சாரோட புராஜெக்ட் அலவன்ஸ் | 12ஆம் தேதி வாக்குல | 1,500 |
| பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடை, மணிக்கு 9, வாரம் 20 மணி நேரம், 4 வாரம் | ஞாயித்துக்கிழமை தோறும் 180 | 720 |
| மொத்தம் | | 2,220 |

இந்த 720 வருஷம் முழுக்க வராதுக்கா, இத மட்டும் நல்லா புரிஞ்சுக்கோ. ஸ்டூடண்ட் பாஸ்ல இருக்குறவங்க செமஸ்டர் லீவுலயோ ஏழு நாளுக்கு மேல விடுற லீவுலயோதான் வேலை செய்யலாம், அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், காலேஜ் வழியா இமிகிரேஷன்ல பர்மிஷன் வாங்கணும். கல்லால உக்காரக் கூடாதுன்னு தனியா ஒரு ரூல் வேற இருக்கு. கூட்டமா இருக்கும்போது முதலாளி "தம்பி கல்லாவ கொஞ்சம் பாத்துக்கோ"ம்பாரு, நான் சிரிச்சுட்டே தட்டு எடுக்கப் போயிருவேன். செமஸ்டர் நடக்கும்போதும் வாடான்னு கூப்பிட்டாரு, முடியாதுன்னுட்டேன், மாட்டுனா பாஸ் போயிரும், அப்புறம் படிப்பும் இல்ல குழுக் கடனும் கட்ட முடியாது.

செலவு

| எதுக்கு | வெள்ளி | குறிப்பு |
|---|---|---|
| வீட்டுக்கு: அம்மா குழுத் தவணை | 300 | 6,300 ரூபா |
| வீட்டுக்கு: தம்பி பீஸ் | 150 | இந்த மாசம் மட்டும் |
| அனுப்புற சார்ஜ் | 12 | ஒரே தடவ |
| ரூம் வாடகை, பந்தாய் டாலாம் | 550 | 5ஆம் தேதிக்குள்ள |
| கரண்டு 28, தண்ணி 5, வைஃபை 25 | 58 | என் பங்கு |
| மளிகை, காய்கறி | 210 | கீழ பிரிச்சிருக்கேன் |
| வெளிச் சாப்பாடு, டீ | 120 | |
| போன் | 30 | |
| எல்ஆர்டி ரயில், பஸ் | 78 | கடைக்குப் போய் வர 58 |
| சோப்பு, பேஸ்ட், துணி துவைக்க | 35 | |
| பாஸ் புதுப்பிக்க எடுத்து வைக்கிறது | 80 | தொடவே கூடாது |
| கோயில், சினிமா, யாராச்சும் பர்த்டே | 40 | |
| மொத்தம் | 1,663 | |

மீதி 557. இத பாத்ததும் நீ "அப்ப இன்னும் 500 அனுப்பலாமே"ன்னு சொல்லுவ, தெரியும், கீழ முழுசா படிச்சுட்டு திட்டு.

வீட்டுப் பணத்த மொதல் வரில வச்சதுக்கு காரணம் இருக்கு. போன வருஷம் கடைசி வரில வச்சேன், மிச்சம் இருந்தா அனுப்பலாம்னு, மிச்சமே இருந்ததில்ல, ரெண்டு மாசம் அம்மா குழுவுல தலை குனிஞ்சு நின்னாங்க. இன்னொன்னு, அப்பல்லாம் 150, 150ன்னு ரெண்டு தடவையா பிரிச்சு அனுப்புவேன், ஒவ்வொரு தடவையும் 12 பிடிச்சுருவாங்க, மாசம் 24 வெள்ளி சார்ஜுக்கே போச்சு. அந்தக் காசுக்கு ரெண்டு தட்டு முட்டை கிட்டத்தட்ட வந்துரும்.

வாடகைதான் தலைவலி. அலவன்ஸ் 12ஆம் தேதி, வாடகை 5ஆம் தேதி, நடுவுல ஒரு வாரம் கையில ஒண்ணும் இருக்காது. அதனால ஜூலை அலவன்ஸ்ல இருந்தே ஆகஸ்ட் வாடகைய எடுத்து வச்சிட்டேன், ஆகஸ்ட்ல வர்றதுல செப்டம்பருக்கு எடுப்பேன், டேபிள்ல ஒரே 550ஆ தெரிஞ்சாலும் அது எப்பவும் ஒரு மாசம் முன்னாடி ஓடுது. ஆரம்பத்துல குடி வரும்போது ரெண்டு மாச டெபாசிட் வேற குடுத்தேன் ஞாபகம் இருக்கா, அது அங்கயே கிடக்கு, கணக்குல சேர்க்கல.

மளிகை 210 இப்படி: அரிசி 5 கிலோ 24, பால் டீத்தூள் 21, பருப்பு 18, முட்டை ரெண்டு தட்டு 26, காய்கறி வாரத்துக்கு 15 வீதம் 60, எண்ணெய் 8, வெங்காயம் தக்காளி 18, கோழியும் மீனும் சேர்ந்து 35. காய்கறிய பாசார் மாலாம்ங்கிற ராச் சந்தைல கடைய எடுத்து வைக்கிற நேரமா பாத்து போய் வாங்குவேன், அப்ப கீரை ரெண்டு கட்ட ஒரு கட்டு விலைக்கு தள்ளி விட்ருவாங்க. ரூம்ல கூட இருக்குற யாழ்ப்பாணத்து அண்ணன் சமைப்பாரு, நான் பாத்திரம் கழுவுவேன், அதான் ஒப்பந்தம். நாலு நாள் ராச் சாப்பாடு கடைலயே குடுத்துருவாங்க, மிஞ்சுனா தாப்பாவ், அதான் பார்சல், பண்ணிட்டு வருவேன், லீவு மாசத்துல சாப்பாட்டுச் செலவு குறையுறது அதனாலதான்.

எல்ஆர்டில ஒரு கடுப்பு. 50 வெள்ளிக்கு மாசம் முழுக்க எவ்ளோ வேணாலும் போகலாம்னு மை50 பாஸ் இருக்கு, ஆனா மலேசியாக்காரங்களுக்கு மட்டும்தான். நான் கெரிஞ்சில ஏறி கேஎல் சென்ட்ரல்ல இறங்குறது மூணே ஸ்டேஷன், போக வர 3.60 மேனிக்கு 16 நாளைக்கு 57.60. கேம்பஸுக்கு நடந்தே போயிருவேன், அதுக்கு செலவு இல்ல.

செமஸ்டர் நடக்குற மாசம்

| எதுக்கு | வெள்ளி |
|---|---|
| வரவு (அலவன்ஸ் மட்டும்) | 1,500 |
| வீட்டுக்கு, சார்ஜோட | 312 |
| வாடகை | 550 |
| கரண்டு, தண்ணி, வைஃபை | 58 |
| மளிகை 240, வெளிய 200 | 440 |
| போன் | 30 |
| பஸ், எல்ஆர்டி | 30 |
| சோப்பு வகையறா | 35 |
| பாஸுக்கு | 80 |
| மத்தது | 20 |
| மொத்த செலவு | 1,555 |
| துண்டு | 55 |

மாசம் 55 இடிக்குது, நாலு மாசத்துக்கு 220. இப்ப அந்த 557 எங்க போகுதுன்னு பாரு:

| 557ஐ பிரிச்சது | வெள்ளி |
|---|---|
| நாலு மாசத் துண்டு | 220 |
| தீபாவளிக்கு அம்மாவுக்கும் உனக்கும் | 200 |
| ஊருக்கு வர டிக்கெட்டுக்கு | 137 |

தீபாவளிக் காச தனியா அக்டோபர்ல அனுப்புவேன், அதுக்கு இன்னொரு 12 சார்ஜ் ஆகும், அத டிக்கெட் காசுல இருந்து எடுத்துக்குறேன், 125ன்னு படிச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு வரி போடல, போடணும்னு தெரியுது, எதுல இருந்து எடுக்கன்னுதான் தெரியல, பர்த்டே 40ஐ ரெண்டா பிரிக்கலாம்னு யோசிக்கிறேன்.

12ஆம் தேதி அலவன்ஸ் வந்த உடனே அனுப்பிருவேன், குழுத் தவணை 15ஆம் தேதிதான, அதுக்குள்ள வந்துரும். அம்மாகிட்ட 9,450 வந்துச்சான்னு பாக்கச் சொல்லு, அதுல 6,300 குழுவுக்கு, 3,150 தம்பிக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல தட்டு எடுக்குறேன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாத, லைப்ரரில இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்.