நூலக அட்டையும் ஊழியர் அறைத் திறப்பும்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை இணையச் செயலி எழுதப் பழகும் பிள்ளைகள் திருகோணமலையிலும் உண்டு. அவர்கள் செய்து காட்டும் முதல் வேலையில் அநேகமாக ஓர் உள்நுழைவுப் பக்கம் இருக்கும். பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், பிழையாகக் கொடுத்தால் சிவப்பு எழுத்தில் கடிந்துகொள்ளும். "பாதுகாப்பு வேலை முடிந்தது, சேர்" என்பார்கள். முடியவில்லை. பாதிதான் முடிந்திருக்கிறது, அதுவும் எளிதான பாதி.

உள்நுழைவுப் பக்கம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "நீ யார்?" அதற்குச் சான்று கேட்டுச் சரிபார்ப்பதுதான் ஆத்தென்டிகேஷன், அதாவது அடையாள உறுதிப்பாடு. "சரி, நீ இன்னார். ஆனால் இதைச் செய்ய உனக்கு அனுமதி உண்டா?" என்பது வேறு கேள்வி. அது ஆத்தரைசேஷன், அதாவது அனுமதி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தொடங்குவதால், ஆவணங்களில் `authn` என்றும் `authz` என்றும் சுருக்கி எழுதியிருப்பதைக் காண்பீர்கள்.

நகரில் ஒரு நூலகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நுழைந்ததும் பத்திரிகை வாசிக்கும் மண்டபம். வீரகேசரியும் தினக்குரலும் மரச்சட்டத்தில் கோத்துக் கிடக்கும். பஸ் வரும்வரை வெயிலுக்கு ஒதுங்கியவர்கூட அமர்ந்து வாசிக்கலாம். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதைக் கவனியுங்கள்: இங்கே அடையாள உறுதிப்பாடு இல்லை, ஆனால் அனுமதி இருக்கிறது. "எவரும் வாசிக்கலாம்" என்பதும் ஒரு விதிதான். ஓர் இணையத்தளத்தின் முகப்புப் பக்கம் அப்படித்தான் திறந்து கிடக்கிறது.

அடுத்தது இரவல் பகுதி. உப்புவெளியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இரண்டு நாவல்களோடு மேசைக்கு வருகிறாள்.

"அட்டை இருக்கிறதா, தங்கச்சி?" என்கிறார் மேசையில் இருப்பவர்.

அட்டையை நீட்டுகிறாள். அவர் படத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், அங்கத்தவர் இலக்கத்தைப் பதிவேட்டில் தேடுகிறார். அட்டை அவளுடையதுதான். அடையாள உறுதிப்பாடு இத்தோடு முடிந்தது.

ஆனால் புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. அவர் பதிவேட்டில் அடுத்த நிரலுக்குப் போகிறார். பழைய இரவல் ஏதும் நிலுவையில் உள்ளதா? சிறுவர் அங்கத்துவமா, முதியோர் அங்கத்துவமா? கையிலுள்ள நூல்களில் ஒன்று உசாத்துணைப் பகுதிக்குரியதா? உசாத்துணை நூல் என்றால், "மன்னிக்க வேண்டும் தங்கச்சி, இதை இங்கேயே இருந்துதான் வாசிக்க வேண்டும்" என்று திருப்பி வாங்கிக்கொள்வார். அவள் யார் என்பதில் அவருக்கு இப்போது துளியும் ஐயமில்லை. இருந்தும் மறுக்கிறார். ஐயமே இல்லாத ஒருவரை மறுக்க முடிகிறதென்றால், அடையாளமும் அனுமதியும் இரு வேறு பொருள்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அட்டையில் "இந்நூலை எடுக்கலாம்" என்று எங்கும் அச்சிடப்படவில்லை என்பதையும் பாருங்கள். அட்டை ஆளைச் சொல்கிறது. அனுமதி பதிவேட்டில் இருக்கிறது. அதனால்தான் விதி மாறினால் அட்டையை மீண்டும் அச்சடிக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். தரவுத்தளத்தில் பயனர் அட்டவணையும் அனுமதி அட்டவணையும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

இனி ஊழியர் அறை. கதவு பூட்டியிருக்கிறது, திறப்பு ஊழியர்களிடம் மட்டும். பூட்டுக்கு முகம் தெரியாது. நூலகர் திருப்பினாலும் திறக்கும், அவருடைய மகன் விளையாட்டாக எடுத்து வந்து திருப்பினாலும் திறக்கும், கீழே கிடந்ததை எடுத்த யாரோ ஒருவர் திருப்பினாலும் திறக்கும். "யார்" என்ற கேள்வியே அங்கு எழவில்லை. கையில் வைத்திருப்பவருக்கு அனுமதி, அவ்வளவுதான்.

கணினியிலும் இப்படிப்பட்ட திறப்புகள் ஏராளம். உள்நுழைந்த பிறகு உலாவியில் தங்கும் அமர்வுக் குக்கீ ஒன்று. ஏபிஐ-க்களுக்கு அனுப்பும் டோக்கன் இன்னொன்று. அதன் தலைப்பு வரி `Authorization: Bearer` என்று தொடங்கும். கொண்டுவருபவர் எவரோ அவருக்கே செல்லும் என்பதுதான் அதன் பொருள். கடவுச்சொல்லை எவ்வளவு கடினமாக வைத்திருந்தாலும், டோக்கன் களவு போனால் களவெடுத்தவர் கடவுச்சொல் தெரியாமலேயே உள்ளே நடமாடுவார். எனவே டோக்கனைக் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் கோப்பை அழிப்பது போதாது. பழைய பதிப்பில் அது இருந்துகொண்டே இருக்கும். டோக்கனையே செல்லாததாக்க வேண்டும்.

செல்லாததாக்குவது என்றதும் அட்டைக்கும் திறப்புக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. மாணவியின் அட்டை தொலைந்தால் அந்த ஓர் இலக்கத்தைப் பதிவேட்டில் நிறுத்திவிட்டுப் புதியது கொடுக்கலாம். மற்ற அங்கத்தவர்களுக்கு எதுவும் மாறாது. ஊழியர் அறைத் திறப்பு தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும், எல்லா ஊழியருக்கும் புதிய திறப்பு வெட்டிக் கொடுக்க வேண்டும். இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்குப் போன ஊழியர் திறப்பைத் திருப்பித் தராமலே போனாரென்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் கதவு இன்று யார் யாருக்குத் திறக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல அமைப்புகளில் டோக்கன்களுக்குக் குறுகிய ஆயுள் கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் தானாகவே செல்லாமற்போகும் திறப்பைப் பூட்டுக்கடையில் வாங்க முடியாது, கணினியில் முடியும்.

அடையாள உறுதிப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தது (கடவுச்சொல்), உங்களிடம் உள்ளது (அட்டை, கைத்தொலைபேசி), உங்கள் உடல் (முகம், விரல் ரேகை) என்ற மூன்று வகைச் சான்றுகளில் இரண்டைச் சேர்த்துக் கேட்டால் அது இரு காரணி உறுதிப்பாடு. அட்டையையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்த மேசைக்காரர் செய்ததும் அதுவே. தொடக்கநிலையில் இருப்பவர் இந்தப் பகுதியைத் தாமே எழுதாமல், பலர் பயன்படுத்திச் சோதித்த ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பை எடுத்துக்கொள்வதே நல்லது.

அனுமதியை அப்படி வெளியிலிருந்து எடுத்துவர முடியாது. உங்கள் செயலியில் யார் எதைச் செய்யலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பிழைகள் குவிவதும் இங்கேதான். இணையப் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில், உடைந்த அணுகல் கட்டுப்பாடு முதலிடத்தில் இருந்தது. 2017 பட்டியலில் அது ஐந்தாம் இடத்தில் இருந்தது.

அந்தப் பிழை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். நமது நூலகம் இரவல் விபரங்களை இணையத்தில் காட்டத் தீர்மானிக்கிறது. ஒரு பிள்ளை பைத்தனில், ஃபிளாஸ்க்கைக் கொண்டு இப்படி எழுதுகிறான்:

```python
@app.get("/loans/<int:loan_id>")
@login_required
def show_loan(loan_id):
    loan = db.get_or_404(Loan, loan_id)
    return render_template("loan.html", loan=loan)
```

`@login_required` இருக்கிறது. உள்நுழையாதவர் பார்க்க முடியாது. பார்வைக்கு எல்லாம் சரி. இப்போது நம் மாணவி உள்நுழைந்து தன் இரவலைப் பார்க்கிறாள். முகவரிப் பட்டையில் `/loans/4127` என்று இருக்கிறது. ஒரு குறுகுறுப்பில் 7-ஐ 8 ஆக்குகிறாள். அடுத்த வீட்டு அண்ணாவின் பெயர், அவர் எடுத்த நூல், திருப்ப வேண்டிய திகதி எல்லாம் திரையில் வந்து நிற்கின்றன. நோய் பற்றிய நூலாகவோ விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலாகவோ இருந்தால் அந்த அண்ணாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். செயலி அவளை "நீ யார்?" என்று கேட்டது, "இந்த இரவல் உன்னுடையதா?" என்று கேட்கவில்லை. எடுத்த பதிவைக் காட்டுவதற்கு முன் இரண்டு வரி சேர்க்க வேண்டும்:

```python
    if loan.member_id != current_user.id and not current_user.is_staff:
        abort(403)
```

இரவலுக்குரியவர் பார்க்கலாம், ஊழியர் பார்க்கலாம், வேறெவரும் பார்க்க முடியாது. இந்தக் கேள்வியை வாசலில் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. பார்ப்பதற்கு, திருத்துவதற்கு, அழிப்பதற்கு என்று ஒவ்வொரு கதவிலும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படும். "ஊழியர் அல்லாதவருக்கு அழிக்கும் பொத்தானை மறைத்துவிட்டேன்" என்பார்கள். ஊழியர் அறைக் கதவுக்கு முன்னால் திரைச்சீலை தொங்கவிட்டுப் பூட்டாமல் விட்டால் அது பூட்டிய அறையாகாது. உலாவியில் ஓடும் எதையும் பயனர் மாற்றலாம், பொத்தானே இல்லாமல் கோரிக்கையை நேரே அனுப்பலாம். அனுமதி உண்டா என்ற சோதனை, சேவையகத்தில்தான் நடக்க வேண்டும். மறைப்பது பக்கத்தின் அழகுக்கு உதவும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

திரையில் வரும் எண்களும் இந்த வேறுபாட்டையே சொல்கின்றன, சற்றுக் கோணலாக. `401 Unauthorized` என்று வந்தால், பெயர் என்ன சொன்னாலும், "நீ யாரென்று தெரியவில்லை, சான்றோடு வா" என்று அர்த்தம். `403 Forbidden` என்றால், கோரிக்கை புரிந்தது, ஆனால் செய்ய மாட்டேன் என்பது. உள்நுழைந்தவருக்கு அது வந்தால் மீண்டும் உள்நுழைந்து பயனில்லை. சில தளங்கள் `403`-க்குப் பதில் வேண்டுமென்றே `404` அனுப்பும். கிட்ஹப்பில் அனுமதியில்லாத தனியார் களஞ்சியத்தைத் தேடினால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அப்படி ஒரு களஞ்சியம் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதே ஒரு தகவல்தானே.

ஊழியர் எல்லோருக்கும் ஒரே அனுமதி கொடுப்பதும் வேண்டாம். சுத்தம் செய்யும் அம்மாவிடம் ஊழியர் அறைத் திறப்பு இருக்க வேண்டும், பதிவேட்டைத் திருத்தும் உரிமை இருக்கத் தேவையில்லை. இரவல் மேசையில் இருப்பவர் இரவலைப் பதியலாம், அங்கத்தவரை நீக்க முடியாது. இப்படிப் பதவிக்கேற்ப அனுமதியைப் பிரிப்பதைப் பங்கு அடிப்படையிலான அணுகல் கட்டுப்பாடு என்பார்கள். `is_staff` என்ற ஒற்றைக் கொடியோடு தொடங்கலாம், ஆனால் மூன்றாவது வகை ஊழியர் வந்த அன்றே அது போதாது என்று தெரிந்துவிடும்.

இன்று உங்கள் செயலியைச் சோதிக்க விரும்பினால் தனிக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கணக்குகள் திறந்து, இரண்டு உலாவிகளில் தனித்தனியே உள்நுழையுங்கள். முதற்கணக்கில் ஒரு பதிவை உருவாக்கி, அதன் முகவரியைப் பிரதியெடுத்து, இரண்டாம் கணக்கின் உலாவியில் ஒட்டுங்கள். `403` அல்லது `404` வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். முதற்கணக்கின் பதிவு விரிந்தால், `@login_required` இருக்கும் ஒவ்வொரு செயற்பாட்டையும் திறந்து, அதில் `current_user` என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வராதவற்றிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.