சனிக்கிழமை மாணவர் வேதபாடம்: சீலோவாம் கோபுரமும் நம் கேள்விகளும்
வாசிக்க: லூக்கா 13:1-5, யோபு 42:7, சங்கீதம் 111:2

போன வாரம் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் இரண்டை இன்று எடுத்துக்கொள்வோம். முதல் கேள்வி நாகப்பட்டினத்துத் தங்கை ஒருவருடையது: "2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொள்ள வந்தவர்களையே கடல் கொண்டுபோனது. எங்கள் பெரியம்மாவும் அதில் போனார்கள். கடவுள் எங்கே இருந்தார்?"

தங்கையே, இதைக் கேட்டதற்காக உன்னை அவிசுவாசி என்று யாரும் சொல்லக்கூடாது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீதே கேட்டிருக்கிறார். பதிமூன்றாம் சங்கீதம் அப்படித்தான் தொடங்குகிறது.

சுமத்ரா அருகே கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நழுவியது. அலை எழுந்த காரணம் அதுதான். "பாவத்துக்குத் தண்டனை" என்று அப்போது சிலர் சொன்னது எனக்கு இன்றும் வலிக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இயேசுவே "அப்படியல்ல" என்று பதில் சொன்னார். அப்புறம் ஏன் விழுந்தது? அதை அவர் விளக்கவில்லை. கேட்டவர்களையே மனந்திரும்பச் சொன்னார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல், முறையிட்ட யோபுவின்மேல் அல்ல.

உன் பெரியம்மா ஏன் போனார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். அந்தக் கர்த்தரை நம்பித்தான் நானும் நிற்கிறேன்.

இரண்டாவது, உயிர்வேதியியல் தம்பியின் கேள்வி: "பெருவெடிப்பை ஒத்துக்கொண்டால் ஆதியாகமத்தைக் கைவிட வேண்டுமா?"

வேண்டாம். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே கட்டுரை எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்றாக 1951-இல் போப்பாண்டவர் பேசியபோது லெமேத்ருக்கு மனம் ஒப்பவில்லை. அறிவியல் கோட்பாடு நாளை மாறலாம், விசுவாசத்தை அதில் கட்டக்கூடாது என்பது சரியான நிதானம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அப்படியானால் முதல் மூன்று நாட்கள் எப்படிப்பட்டவை என்று அகஸ்தீன் 1,600 வருடங்களுக்கு முன்பே யோசித்திருக்கிறார். ஆறு நாளையும் நேரடியாகவே எடுத்துக்கொள்ளும் விசுவாசிகள் இந்த அறையிலும் உண்டு. அவர்களை ஏளனம் செய்ய வேண்டாம். கர்த்தரின் செய்கைகள் "ஆராயப்படுகிறவைகள்" என்கிறது சங்கீதம் 111. தம்பி, உன் ஆய்வகமும் அந்த வசனத்துக்குள் வருகிறது.

விடுதியில் நண்பர் யாராவது கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பேசுங்கள். கேள்வியை முழுதாகக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

இப்போது நான்கு நான்கு பேராக உட்கார்ந்து லூக்கா 13-ஐ இன்னொருமுறை வாசியுங்கள். அடுத்த வாரத்துக்கு யோபு 38 முதல் 42 வரை.