அடகுச் சங்கிலி ஏலம்: ஹட்டன் கிளைக்கு இரண்டாவது கடிதம்

பெ. செல்லம்மா,
7 ஆம் அறை, 3 ஆம் லயம், மேல் பிரிவு,
பொகவந்தலாவை.

2025 ஒக்டோபர் 8

கிளை முகாமையாளர் அவர்கட்கு,
ஹட்டன் கிளை.

ஐயா,

அடகுச் சீட்டு இலக்கம் 2418: வட்டி கட்டியிருந்தும் 12 கிராம் தங்கச் சங்கிலி ஏலம் விடப்பட்டமை

செப்டெம்பர் 1 ஆம் திகதி 9 பக்கத்தில் ஒரு முறைப்பாடு உங்கள் கவுண்டரில் கொடுத்தேன். 17 ஆம் திகதி வந்த பதிலில் இருந்தது ஒரே ஒரு வரி: "அறிவித்தல் முறைப்படி அனுப்பப்பட்டுள்ளது." என் கேள்வி அறிவித்தலைப் பற்றியதே அல்ல. 9 பக்கத்தில் அது அமுங்கிப் போயிருக்கலாம். என் வீட்டுக்காரரின் சுகவீனம், கிளையில் நான் காத்துக் கிடந்த நேரம், பஸ் செலவு என்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டியிருந்தேன். இந்தக் கடிதத்தில் அவை இல்லை. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

நடந்தது இதுதான். 2024 மார்ச் 6 ஆம் திகதி இரண்டு நகைகளை உங்களிடம் அடகு வைத்தேன். சீட்டு 2418இல் 22 கரட் சங்கிலி, 12 கிராம், பெற்ற கடன் 180,000 ரூபாய். சீட்டு 2419இல் ஒரு சோடி காப்பு, 16 கிராம், கடன் 240,000 ரூபாய். தவணை ஒரு வருடம், வட்டி நூற்றுக்கு 14.

தவணை முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2025 மார்ச் 5 ஆம் திகதி, இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தேன். கவுண்டரில் இருந்தவர் கணக்குப் பார்த்து, 58,800 ரூபாய் என்று ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்குக் கொழுந்து எடுக்கிற எனக்கு அது 43 நாள் உழைப்புக்கும் மேல். முழுவதையும் காசாக எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒரு ரசீதைத் தந்து, "ரெண்டுக்கும் சரி, போங்க" என்றார். ரசீது ஆங்கிலத்தில் இருந்தது. சரி, வங்கி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்துவிட்டேன். என் பக்கத்தில் பிழை என்று சொல்ல ஏதும் இருந்தால், அந்த நம்பிக்கைதான்.

அந்த ரசீதைப் பிறகு மகள் வாசித்துச் சொன்னாள். 58,800 ரூபாயும் சீட்டு 2419க்கே வரவு வைக்கப்பட்டிருக்கிறது. 33,600 காப்பின் வட்டிக்கு, மிச்சம் 25,200 காப்பின் முதலுக்கு. அதனால் காப்பின் கடன் 214,800 ஆகக் குறைந்திருக்கிறது. சங்கிலிக்கு ஒரு சதமும் இல்லை.

இப்போது 180,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 14 வீதம் ஒரு வருட வட்டியைக் கணக்குப் பாருங்கள். சரியாக 25,200. காப்பின் முதலில் போய் விழுந்ததும் அதே 25,200. முதலைக் குறைக்க வந்த ஒருத்தி, இன்னொரு சீட்டின் வட்டிக்குச் சதம் பிசகாத தொகையைத் தற்செயலாகக் கொண்டுவருவாளா? துண்டில் உங்கள் ஊழியர் இரண்டு வட்டியையும் தனித்தனியாக எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டியிருக்கிறார். அவருடைய கையெழுத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணம் வாங்கியது சரி, பதிந்தது பிழை. இந்த ஒன்றுக்குத்தான் 17 ஆம் திகதிக் கடிதத்தில் பதில் இல்லை.

அறிவித்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்களே அதை எடுத்ததால். கடிதத்தில் போட்டிருக்கும் திகதி ஜூலை 14. உறையில் தபால் முத்திரை ஓகஸ்ட் 1. ஏலம் ஓகஸ்ட் 12. கடிதம் என் கைக்கு வந்தது ஓகஸ்ட் 19. லயத்துக்கு நேராகத் தபால் வருவதில்லை. தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் எங்களுக்குக் கிடைக்கும். மலையகத்தில் கிளை வைத்திருக்கும் வங்கிக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சீட்டில் என் கைபேசி இலக்கம் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்புக்கு அந்த இலக்கத்துக்கு உங்கள் வாழ்த்துச் செய்தி தவறாமல் வந்தது. நகையை ஏலம் விடப் போகிறோம் என்று ஓர் அழைப்பு வரவில்லை.

மறுநாளே, ஓகஸ்ட் 20 ஆம் திகதி, கிளைக்கு வந்து கேட்டேன். "வித்தாச்சு" என்றார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, எவ்வளவுக்கு என்று கேட்டேன். அதற்கும் பதில் கிடைக்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்:

சங்கிலி இன்னும் உங்கள் கையில் இருந்தால், அதை விற்காமல் நிறுத்திவையுங்கள். 2025 மார்ச் 5 ஆம் திகதிக் கொடுப்பனவைத் திருத்தி, 25,200 ரூபாயைச் சீட்டு 2418க்கு மாற்றிப் பதியுங்கள். அன்றிலிருந்து புதுப்பித்த சீட்டைத் தாருங்கள். தாமத வட்டி, ஏலச் செலவு என்று எதையும் அதில் சேர்க்கக் கூடாது. மாற்றியதும் காப்பின் முதல் மீண்டும் 240,000 ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதையும் மார்ச் 5 இலிருந்து அதற்குள்ள வட்டியையும் நான் ஏற்கிறேன்.

சங்கிலி உண்மையில் விற்கப்பட்டிருந்தால், அதே நிறையில், அதே கரட்டில் ஒரு சங்கிலி, அல்லது நீங்கள் பணம் தரும் நாளின் சந்தை விலையில் 12 கிராமுக்கான பெறுமதி. நான் தர வேண்டிய முதலையும் உரிய வட்டியையும் அதில் கழித்துக்கொள்ளலாம். ஏல விலை எதுவாக இருந்தாலும் அந்தக் கணக்கு என்னைக் கட்டுப்படுத்தாது. ஏலமே நடந்திருக்கக் கூடாது.

இரண்டில் எதுவாக இருந்தாலும், ஏலத் திகதி, விற்ற விலை, கழித்த தொகைகள் ஆகியவற்றை எழுத்தில், தமிழில் தாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு தாளை வாங்கி நம்பியதன் விலை எனக்கு இப்போது தெரியும்.

ஒக்டோபர் 22 ஆம் திகதி புதன்கிழமைக்குள் எழுத்துமூலப் பதில் வேண்டும். இடையில் தீபாவளி வருகிறது என்பதற்காக நாள் கூட்டித் தரமாட்டேன். அந்த நாளுக்குள் பதில் இல்லாவிட்டால், அல்லது பழைய ஒரு வரிப் பதிலே திரும்பி வந்தால், 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் குறிப்பிட்டு இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும், நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் முறைப்பாடு செய்வேன். முதலில் வங்கியிடம் கேட்டாயா என்றுதான் அங்கே கேட்பார்களாம். இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

இரண்டு அடகுச் சீட்டுகள், மார்ச் 5 ஆம் திகதி ரசீது, ஊழியர் எழுதிய துண்டு, முத்திரையுடன் கூடிய உறை, உங்கள் செப்டெம்பர் 17 ஆம் திகதிக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். மூலங்கள் என்னிடமே இருக்கும். பார்க்க வேண்டுமானால் கிளைக்குக் கொண்டுவந்து காட்டுவேன், கையளிக்க மாட்டேன்.

பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய அன்றே சீட்டில் உள்ள இலக்கத்துக்கு ஓர் அழைப்பும் எடுங்கள். மாலை 5 மணிக்குப் பிறகு எடுத்தால் நல்லது, அதுவரை மலையில் இருப்பேன்.

இப்படிக்கு,
பெ. செல்லம்மா

பிரதி: பிராந்திய முகாமையாளர், தலைமை அலுவலக வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு