படம் பார்த்து எழுதுதல்: பாம்பன் பாலம்

வினா: கொடுக்கப்பட்டுள்ள படத்தைப் பார்த்து, 'கொண்டிருக்கிறது' போன்ற தொடர் நிகழ்கால வினைகளையும் இடம் குறிக்கும் சொற்களையும் பயன்படுத்தி ஒரே பத்தியில் விவரித்து எழுதுக.

விடை:

இந்தப் படத்தில் இருப்பது பாம்பன் கடல். சாலைப் பாலத்தின் மேலே நின்று எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ரயில் பாலம் நமக்குக் கீழே தெரிகிறது. படத்தின் நடுவில், இரண்டு உயரமான கோபுரங்களுக்கு இடையே, 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூக்குப் பகுதி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புப் பகுதி எந்தப் பக்கமும் சாயாமல், லிப்ட் போல அப்படியே உயர்ந்துகொண்டிருக்கிறது. புதிய பாலத்துக்குப் பக்கத்திலேயே 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலம் நின்றுகொண்டிருக்கிறது. அதன் தூக்குப் பகுதி வேறு மாதிரி: இரண்டாகப் பிரிந்து, இரு கைகளைப் போல வானத்தை நோக்கி நீண்டுகொண்டிருக்கிறது. புதிய பாலத்துக்கு நேர் கீழே ஒரு நீல நிற விசைப்படகு மெதுவாகக் கடந்துகொண்டிருக்கிறது. படகின் முன்பக்கத்தில், எங்கள் ஊரில் அணியம் என்போமே அங்கே, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கழுத்தை அண்ணாந்து பாலத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் இருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாலமெல்லாம் பழகிப்போயிருக்கும் போல. அந்தப் படகுக்குப் பின்னால் இன்னும் மூன்று படகுகள் தங்கள் முறைக்காக வரிசையில் காத்துக்கொண்டிருக்கின்றன. படத்தின் இடக்கோடியில், தென்னை மரங்களுக்கு அடியில், சில நாட்டுப்படகுகள் கரையோரம் ஆடிக்கொண்டிருக்கின்றன. கோபுரங்களுக்கு மேலே கடற்பறவைகள் வட்டமடித்துக்கொண்டிருக்கின்றன. படத்தின் முன்பகுதியில், சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது. காற்று பலமாக வீசிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது, ஏனென்றால் பாட்டி ஒரு கையால் முந்தானையையும் இன்னொரு கையால் பேத்தியின் சட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பேத்தி சுவரின் மேல் எட்டி, கீழே போகும் படகைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வலப்பக்கத்தில் அப்பா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குப் பின்னால், ஓரமாக நிறுத்திய வேனுக்கு அருகில், ஒரு வியாபாரி வெட்டிய மாங்காய்த் துண்டுகள் மீது மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருக்கிறார். வேனுக்கு அப்பால் ராமேசுவரம் பேருந்து ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. பேருந்தின் ஜன்னல்களில் ஒரு பக்கத்துத் தலைகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. ஓட்டுநர் மட்டும் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.