பரிந்துரைக் கடிதம் வேண்டி: ஜூன் 20-க்குள், ஒரு பக்கம், முடிந்தால் மட்டும்

வணக்கம் சார்,

நான் தேன்மொழி. 2019 ஆகஸ்ட் முதல் 2022 நவம்பர் வரை திருப்பூர் யூனிட்டில் உங்களிடம் க்யூசியாக வேலை பார்த்தேன். கடைசி ஒன்றரை வருடம் இரண்டாவது ஃப்ளோரின் இன்லைன் செக்கிங் என் பொறுப்பில் இருந்தது.

ஜெர்மனியில் மென்ஷன்கிளாட்பாக் நகரில் டெக்ஸ்டைல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதோடு சேர்க்க, என் வேலையை நேரில் பார்த்த மேலாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் தேவை. நீங்கள் எழுதித் தர முடியுமா சார்?

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். ஜூன் 20-க்குள் கிடைத்தால், ஏதாவது திருத்தம் வந்தாலும் நேரம் இருக்கும். இப்போதைய கம்பெனியின் லெட்டர்ஹெட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று நினைத்தால் வெள்ளைத்தாளே போதும். அன்றைய பதவி, இன்றைய பதவி, தேதி, கையெழுத்து, உங்கள் ஆபீஸ் மெயில் ஐடி இவை இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அனுப்பினால் போதும், கூரியர் வேண்டாம்.

"நல்ல பெண், கடின உழைப்பாளி" என்று பொதுவாக எழுதுவதைவிட, நீங்களே பார்த்த ஒன்றிரண்டு விஷயங்கள் எனக்கு அதிகம் உதவும். உங்களுக்கு நினைவு வரட்டும் என்று இவற்றைச் சொல்கிறேன்:

160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி ஆர்டரில், கட்டிங்குக்கு முன்பே ரோல் வாரியாகத் துவைத்துப் பார்த்தோம். பையர் 5 சதவீதம் வரைதான் அனுமதித்திருந்தார், நீளவாட்டில் 8 சதவீதம் சுருங்கியது. துணியைத் திரும்பவும் காம்பாக்டிங்குக்கு அனுப்ப நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். தைத்த பிறகு தெரிந்திருந்தால் அளவு முழுக்கத் தவறியிருக்கும்.

இன்னொன்று, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஏக்யூஎல் 2.5-ஐப் புதிய செக்கர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. 2,400 பீஸ் லாட்டில் 125 எடுத்து, மேஜர் குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில் என்ற அட்டவணையை ஒவ்வொரு டேபிளிலும் ஒட்டினோம்.

ஆரம்பத்தில் பையர் மெயில்களுக்குப் பதில் எழுதத் தடுமாறினேன். அதைக் குறிப்பிட விரும்பினாலும் எனக்குச் சம்மதமே. குறையே இல்லாத கடிதத்தைப் படிக்கிறவர்கள் அவ்வளவாக நம்ப மாட்டார்கள்.

என் ரெஸ்யூமே, ரிலீவிங் லெட்டர் நகல், மேலே சொன்னவற்றை ஆங்கிலத்தில் குறிப்புகளாக எழுதிய வேர்ட் ஃபைல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். குறிப்புகளில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நினைவில்லாத எதையும் எழுத வேண்டாம்.

வேலை நெருக்கடியோ கம்பெனி விதியோ இடம் தராவிட்டால், "முடியாது" என்று ஒரு வரி மட்டும் அனுப்புங்கள் சார், காரணம் சொல்லத் தேவையில்லை. ஜூன் 8-க்குள் தெரிந்தால் மெர்ச்சன்டைசிங் மேடத்திடம் கேட்டுக்கொள்வேன். பதில் வராவிட்டால் 8-ஆம் தேதி மாலை ஒருமுறை மட்டும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
தேன்மொழி