ஞாயித்துக்கெழம ஆன்கால்

இந்த வருசம் சிவராத்திரி ஞாயித்துக்கெழம வந்துச்சு. எங்க டயாலிசிஸ் யூனிட்டுக்கு ஞாயிறு லீவு, ஆனா ராத்திரி எமர்ஜென்சிக்கு ஒருத்தர் ஆன்கால்ல இருக்கணும், மறுநா திங்கக்கெழம காலைல ஆறு மணி பேட்ச்சும் அவரேதான் போடணும். ரோஸ்டர்ல அந்த எடத்துல என் பேரு இருந்துச்சு.

மதுரைப் பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியும், சிவராத்திரிக்கு லீவு கேக்குறதும் தீபாவளிக்கு பஸ்ல சீட்டு கேக்குறதும் ஒண்ணுதான். எல்லாருக்கும் குலசாமி, எல்லாருக்கும் பங்காளி. இன்சார்ஜ் சிஸ்டர் பேப்பர பாக்காமயே, ஆள் குடுத்துட்டுப் போப்பான்னுட்டாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, அதுக்கு முன்னாடியே மூணு பேரு கேட்டுட்டாங்க.

ஆனா எனக்கு இது மத்த வருசம் மாதிரி இல்ல. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு எங்க ஊர்ல எங்க சாமி பெட்டி வெளிய வந்து பதினாலு வருசம் ஆச்சு. கெணத்துப் பங்குல அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்த பேச்சு, அது பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கணுங்கற வரைக்கும் போயி, தலக்கட்டு வரி குடுக்குறதையே நிப்பாட்டி, ஒரே தெருவுல இருந்துக்கிட்டு ஒருத்தர் வீட்டுக் கேதத்துக்கு ஒருத்தர் தலையக் காட்டாத அளவுக்கு ஆயிப்போச்சு. அப்பா செத்தப்பக்கூட பெரியப்பா வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள வராமப் போனாரு. இந்தத் தையில திருப்பூர்லருந்து எங்க அத்தை வந்து, நான் கண்ண மூடுறதுக்குள்ள எம்பொறந்த வீட்டுச் சாமிக்கு ஒரு பொங்கல் வைங்கடான்னு ரெண்டு வீட்டுக்கும் நடுத்திண்ணையில ஒக்காந்துருச்சு, மூணு நாளு எந்திரிக்கல. அப்பறந்தான் ஒத்துக்கிட்டாங்க. தலக்கட்டுக்கு ஒரு ஆம்பள கண்டிப்பா நிக்கணும், அப்பா எடத்துக்கு நாந்தான்.

தமிழரசி அக்காகிட்ட நான் கேக்கவே இல்ல. அதுவா வந்து ரோஸ்டர்ல என் பேர அடிச்சுட்டு அது பேர எழுதுச்சு.

"அக்கா, ஒங்களுக்கும் சாமி இருக்குல்ல?"

"எங்க சாமி அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பு. என்னிக்குப் போனாலும் அங்கனதான் நிப்பாரு. ஒங்க சாமி பதினாலு வருசமா பெட்டிக்குள்ள கெடக்கு, நீ கெளம்பு."

"பதிலுக்கு நான் எந்த டியூட்டி பாக்கட்டும்?"

"எம்மக பிளஸ் டூ மொத பரீட்சை அன்னிக்கு காலை பேட்ச் நீ போடு. அவள செண்டர்ல நானே கொண்டுபோய் விடணும், அம்புட்டுத்தான்."

அக்காவுக்கு எங்க சாமி கதை எப்படித் தெரியும்னா, எங்கப்பா ரெண்டு வருசம் இதே யூனிட்லதான் டயாலிசிஸ் பண்ணாரு, நான் அப்ப டிப்ளமோ படிச்சுக்கிட்டிருந்தேன். வாரத்துக்கு மூணு நாளு, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், ஊசி குத்துன கைய அசைக்காம படுத்திருக்கணும். அந்த நேரத்துல மனுசன் என்னதான் பண்ணுவாரு, பேசுவாரு. பெட்டிக்குள்ள சிலம்பு இருக்கும், உடுக்கு இருக்கும், தாத்தா கட்டுன பட்டு இருக்கும்னு வீட்ல எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாத மனுசன் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிருக்காரு.

சனிக்கெழம உக்காந்து திங்கக்கெழம பேட்ச் ஆளுகளப் பத்தி அக்காகிட்ட ஒவ்வொண்ணா சொன்னேன். ரெண்டு பேரும் வேற வேற பேட்ச் பாக்குறதால அக்காவுக்கு இவங்க பழக்கம் கெடையாது. ஒண்ணாம் பெட் வாத்தியாருக்கு மூணாவது மணி நேரத்துல பிபி எறங்கும், தண்ணிய வேகமா எடுக்காதீங்க. மூணாம் பெட்டுக்கு கெண்டக்கால் இழுக்கும். நாலாம் பெட் செக்கானூரணி அப்பத்தாவுக்கு ஊசி குத்துற பிஸ்டுலா கையில பழைய ஓட்டைக்குப் பக்கத்துல வீங்கியிருக்கு, ஒரு இஞ்ச் மேல தள்ளிக் குத்துங்க, குத்துறதுக்கு முன்னாடி வெரல வச்சுப் பாருங்க, பூனை உறுமுற மாதிரி ரத்தம் கிறுகிறுன்னு ஓடும், ஓடுதுன்னு அப்பத்தாகிட்டயே சொல்லிட்டுக் குத்துங்க, இல்லன்னா கைய இழுத்துக்கும். அக்கா எனக்கு சீனியர், இதெல்லாம் அதுக்குத் தெரியாததா. ஆனாலும் நோட்டு போட்டு எழுதிக்கிச்சு.

ஆரப்பாளையத்துல பஸ் ஏறி உசிலம்பட்டி எறங்கி ஷேர் ஆட்டோல ஊருக்குப் போறப்ப இருட்டிருச்சு. கோயில் முன்னாடி ட்யூப் லைட்டு கட்டி, சென்னையிலருந்து கோயமுத்தூர்லருந்து எல்லாம் வந்துருக்காங்க. நான் சின்னப் பயலா பாத்த அக்கா ஒண்ணு, ரெண்டு புள்ளையோட நிக்குது, அதுகளுக்கு என்னைய மாமான்னு காட்டிக்குடுக்குது. அத்தை ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் தடவிப் பாத்து, இது யாரு மகன், இது யாரு மகன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

தமிழரசி அக்காவுக்குப் பத்து மணிக்கு ஒரு தடவ, ரெண்டு மணிக்கு ஒரு தடவ போன் போட்டேன். ரெண்டாவது தடவ எடுக்கல, கொஞ்ச நேரங்கழிச்சு மெசேஜ் வந்துச்சு, இங்க ஒண்ணுமில்ல நீ சாமியப் பாருன்னு.

விடியக்காலம் பெட்டிய எறக்குனாங்க. பூசாரி தலக்கட்டு ஒண்ணொண்ணா கூப்புட்டு துன்னூறு குடுக்கணும், மொறைப்படி மூத்தவரு பெரியப்பா பேரத்தான் மொதல்ல கூப்புடணும். பெரியப்பா தட்டப் புடிச்சு நிறுத்திட்டு, "சின்னவன் தலக்கட்டக் கூப்புடு"ன்னாரு. சத்தமே வரல, தொண்டையில சிக்கிருச்சு, ரெண்டாவது தடவ சொன்னப்பதான் பூசாரிக்குக் கேட்டுச்சு. நான் போயி நின்னேன். துன்னூற அவரே அள்ளி என் நெத்தியில பூசுனாரு, பூசிட்டு கைய எடுக்கல, அப்படியே வச்சுக்கிட்டு நின்னாரு. கையி நடுங்குச்சு. ரெண்டு பேருமே ஒண்ணும் பேசல.

திங்கக்கெழம சாயங்காலம் நேரா யூனிட்டுக்குத்தான் போனேன். அக்கா இல்ல, வீட்டுக்குப் போயிருச்சு. ரிஜிஸ்டரத் தொறந்தா அக்கா கையெழுத்து. நடுராத்திரி 12.50க்கு ஒரு பேஷண்ட், வயசு 46, சிவராத்திரி வெரதம்னு நாள் பூராம் வாழப்பழமும் எளநியுமா இருந்திருக்காரு. டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அது ரெண்டுமே ஆகாது, பொட்டாசியம் ஏறிரும், ஏறுனா இதயத்தையே நிறுத்திரும். வர்றப்ப 7.1, கால் தூக்க முடியல. டாக்டர் கால்சியம் ஊசி போட்டுருக்காரு, அக்கா 1.40க்கு மிஷின்ல போட்டு 5.15க்குக் கழட்டிருக்கு. ஆறு மணிக்கு என் பேட்ச்ச ஆரம்பிச்சிருக்கு. நான் ரெண்டு மணிக்குப் போன் போட்டப்ப அந்தாளு பக்கத்துலதான் நின்னுருக்கு. நாலாம் பெட்டுக்கு நேரா, 'ஒரு இஞ்ச் மேல, கிறுகிறு ஓடுது, அப்பத்தா கைய இழுக்கல'ன்னு எழுதி வச்சிருந்துச்சு.

மறுநா காலைல கேட்டேன், ஏக்கா எங்கிட்ட சொல்லலன்னு.

"சொன்னா நீ இருந்துருப்பியா? அந்த நேரத்துல எவன் வண்டியையாவது வாங்கிக்கிட்டு ஓடியாந்துருப்ப. சரி போட்டோவக் காட்டு."

நான் போன நீட்டுனேன். எல்லாரும் நிக்குற போட்டோ, அம்பது அறுவது தல இருக்கும். அக்கா ரெண்டு வெரல வச்சுப் பெருசாக்கி ஒவ்வொரு மூஞ்சியா நகத்திக்கிட்டே போயி ஒரு எடத்துல நிப்பாட்டுச்சு. நான் யாரையும் காட்டல.

"இவருதான ஒங்க பெரியப்பா. காதப் பாரு, ஒங்கப்பாவுக்கு அச்சு அசல் இப்படித்தான். படுத்திருக்கறப்ப இந்தக் காதத்தான் சொறிஞ்சு விடச் சொல்லுவாரு, கைய அசைக்க முடியாதுல்ல."

பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்த துன்னூறக் குடுத்தேன். கண்ண மூடி நெத்தியில வச்சுக்கிச்சு. மிச்சத்த வெரல் நுனியில எடுத்து, அப்பா எப்பவும் படுத்த ரெண்டாம் நம்பர் மிஷின் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, யாருக்கும் தெரியாத எடமாப் பாத்து சின்னதா ஒரு கோடு இழுத்துச்சு.

"சாயங்காலம் ஸ்பிரிட் வச்சுத் தொடச்சுருவேன், அதுவரைக்கும் இருக்கட்டும்"னு சொல்லிட்டு கை கழுவப் போயிருச்சு.