மருந்து நிகழ்வு அறிக்கை: மெட்டோப்ரோலால் ஒரே இரவில் இருமுறை

14.03.2025, ஆண்கள் மருத்துவ வார்டு, 12ஆம் படுக்கை. எழுதுபவர்: இரவுப் பணி செவிலியர். நேரங்கள் வார்டுச் சுவர்க் கடிகாரப்படி.

மருத்துவர் உத்தரவு: மெட்டோப்ரோலால் 50 மி.கி. மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று.

இரவு 8.40க்கு நான் சார்ட்டைப் பார்த்தபோது இரவு டோஸுக்கான கட்டம் காலியாக இருந்தது. நாடித்துடிப்பு 74. மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்திட்டேன். 8.55க்கு மாலைப் பணி செவிலியர், அதே டோஸை 8.10க்குத் தாம் கொடுத்ததாகச் சொன்னார். நோயாளியிடம் கேட்டேன், "ஆமா, ரெண்டு தடவை குடுத்தாங்க" என்றார்.

9.00க்குப் பணி மருத்துவருக்குத் தகவல் சொன்னேன். 9.10க்கு ரத்த அழுத்தம் 118/76, நாடி 68. அவர் சொன்னபடி ஈசிஜி எடுத்து, மானிட்டர் பொருத்தி, அரை மணிக்கு ஒருமுறை பார்த்தோம். மிகக் குறைந்த அளவு 11.30க்கு: 102/64, நாடி 56. தலைசுற்றல், மூச்சுத்திணறல் இல்லை என்றார். வேறு மருந்து தரப்படவில்லை. காலை 6.00க்கு 116/74, நாடி 66. காலை டோஸை நிறுத்திவைக்க மருத்துவர் எழுதியுள்ளார்.

நடந்ததை மருத்துவர் 9.20க்கு நோயாளியிடமும் மகளிடமும் சொன்னார், நான் உடனிருந்தேன்.

8.10 முதல் 8.40 வரை நான் 3ஆம் படுக்கையில் இருந்தேன். அந்த நேரத்தில் 12ஆம் படுக்கையில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சார்ட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.